எட்டாம் எண்ணுக்கு ஒரு பெயர்

அக்டோபர் 8, செவ்வாய்

ஸ்கூட்டர் காப்பீட்டுத் தாளை எடுக்க சீட்டைத் தூக்கினேன். பெட்டிக்குள் பழுப்பு உறை இருந்தது. என் மனைவி பெர்னதெத்தின் கையெழுத்து. பெறுநர்: பொருநைக்கரை ஆவணக் கூடம், பாளையங்கோட்டை.

ஆகஸ்ட் 5ஆம் தேதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். செப்டம்பர் 20ஆம் தேதி இறந்துபோனாள். பதில் வரவில்லையே என்று கடைசி வாரம் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறந்துபோயிற்று. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் எதுதான் நினைவில் நின்றது.

சிலிண்டர் மாற்றினேன். பால்காரரிடம் நாளை முதல் அரை லிட்டர் போதும் என்று சொன்னேன். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். அவர் ஒரு லிட்டரே ஊற்றுகிறார்.

அக்டோபர் 9, புதன்

உறையைப் பிரித்துப் படித்தேன். எனக்கு வந்த கடிதமில்லைதான். ஆனாலும் படித்தேன்.

"ஐயா / அம்மா, வணக்கம். என் பெயர் பெர்னதெத் இஞ்ஞாசி, வயது ஐம்பத்தொன்பது, தூத்துக்குடி. என் அம்மாவைப் பெற்ற தாத்தா பாட்டியின் கல்யாணப் படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. யார் பெயரும் அதில் எழுதவில்லை. அம்மாவும் போய்விட்டாள், கேட்க ஆளில்லை. மூலப் படத்தை அனுப்பவில்லை. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்து பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் வைக்க வேண்டும் என்று உங்கள் இணையப் பக்கத்தில் இருந்தது, வைத்திருக்கிறேன். படம் பத்துக்குப் பன்னிரண்டு அங்குலம், தடித்த அட்டையில் ஒட்டியது. அட்டையின் வலது கீழ் மூலையில் ஸ்டுடியோ முத்திரை அழுத்தியிருக்கிறது. கரையான் தின்றது போக '…லியஸ்' என்று மட்டும் தெரிகிறது.

ட்ரேசிங் தாளில் ஆட்களின் உருவக் கோடு மட்டும் எடுத்து எண் போட்டிருக்கிறேன். மொத்தம் பதின்மூன்று பேர். 5 மணப்பெண் மரிய செபஸ்தியாள், 6 மாப்பிள்ளை அந்தோணிப்பிள்ளை. இது உறுதி. 2 மாப்பிள்ளையின் அண்ணன் என்று அம்மா சொன்ன ஞாபகம், உறுதியில்லை. மற்றவர்கள் தெரியாது. வருஷம் தெரியாது. அம்மா பிறந்தது 1942, மூத்த பிள்ளை, எனவே அதற்கு முன்னால். அம்மாவின் ஞானஸ்நானச் சான்றும் என் சான்றும் நகல் வைத்திருக்கிறேன். உறவு நிரூபிக்காமல் கோவில் பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல மாட்டீர்கள் என்று தெரியும்.

எல்லாப் பெயரும் கிடைக்காவிட்டால் 8 மட்டுமாவது வேண்டும். முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தை. ஐந்தாறு வயசிருக்கும். மணப்பெண்ணின் கை அதன் தோளில் இருக்கிறது. என் அம்மா படம் துடைக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் மட்டும் ரெண்டு தடவை துடைப்பாள். யாரென்று கேட்டால் பேச்சை மாற்றுவாள்.

எனக்கு உடம்பு சரியில்லை. முடிந்தால் சீக்கிரம் சொல்லுங்கள்."

தையல் டீச்சராக இருந்தவள். பூ வேலைக்கு டிசைன் எடுக்கிற அதே ட்ரேசிங் தாள், அதே மெல்லிய பென்சில். பதின்மூன்று பேரும் முகமில்லாமல் கோடாக நின்றார்கள்.

மேலே 05.08 என்று தேதி இருந்தது. அழித்து மாற்றலாமா என்று யோசித்தேன். அவள் எழுத்தில் கை வைக்க மனசு வரவில்லை. புது உறைக்குள் அப்படியே போட்டு அனுப்பினேன். அவள் இறந்ததை எழுதி ஒரு துண்டுத் தாளும் வைக்கவில்லை.

தபால் நிலையத்தில் கூட்டமே இல்லை. நான்கு நிமிஷ வேலை.

அக்டோபர் 10, வியாழன்

சேர்ந்துவிட்டது என்று போனில் குறுஞ்செய்தி. ஒரே நாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. சாமியார் கேட்டால் முட்டிவலி என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆவணக் கூடத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்தேன். பதில் தர மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகும் என்று போட்டிருக்கிறது. மூன்று மாதம் என்பதை இரண்டு தடவை படித்தேன்.

மின்வாரியத்தில் முப்பத்தாறு வருஷம் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவன். எத்தனை மணிக்கு மின்சாரம் போனது, எத்தனை மணிக்கு வந்தது, இடையில் எவ்வளவு நேரம் என்று எழுதிப் பழகிய கை. ஆகஸ்ட் 5லிருந்து செப்டம்பர் 20 வரை நாற்பத்தாறு நாள். இப்போது பதில் வர நாற்பத்தாறு நாளுக்கு மேல் ஆனால், அன்றைக்கே அனுப்பியிருந்தாலும் அவள் கைக்குக் கிடைத்திருக்காது. நவம்பர் 24 தாண்ட வேண்டும்.

ஆமாம், தாமதமாக வர வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். வராமலே போனால் இன்னும் நல்லது.

அக்டோபர் 16, புதன்

பகல் பதினோரு மணிக்குப் போன் வந்தது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"சார், பாளையங்கோட்டை ஆவணக் கூடத்துலேருந்து ஹெப்சிபா பேசுதேன். பெர்னதெத் அம்மா இருக்காங்களா?"

"இல்ல. நான் அவ வீட்டுக்காரர்."

"ரெண்டு விஷயம் கேக்கணும் சார். படத்த ஃப்ரேம்லேருந்து கழட்டித்தான் ஸ்கேன் எடுத்தீங்களா? அட்டைக்குப் பின்னால வேற தாள் ஏதும் ஒட்டியிருந்துச்சா?"

"கழட்டித்தான் எடுத்தா. ஒண்ணும் இல்ல."

"சரி. இனிமே கழட்ட வேண்டாம், அட்டை பொடிஞ்சிரும். அப்புறம் கல்யாணம் எந்தப் பங்குக் கோவில்ல நடந்ததுன்னு தெரியுமா? பொண்ணு ஊர்லயா, மாப்பிள்ளை ஊர்லயா?"

"பொண்ணு ஊர்லதான வழக்கம். தூத்துக்குடிதான் ரெண்டு பேருக்கும்."

"அப்ப லேசு. 1945 வரைக்கும் உள்ள பதிவேட்டு நகல் எங்ககிட்டயே இருக்கு."

லேசு என்றதும் கீரையைக் கீழே வைத்தேன். "அவசரம் ஒண்ணும் இல்லம்மா. மெதுவாப் பாருங்க," என்றேன்.

"இல்ல சார், உடம்பு முடியலன்னு எழுதியிருக்காங்க. அதான் வரிசையில முன்னால எடுத்து வச்சிட்டோம். நல்லாருக்காங்களா இப்ப?"

"பரவாயில்ல," என்று சொன்னேன்.

கீரையில் பாதித் தண்டு, பாதி இலை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கடைந்தேன். ருசி தெரியவில்லை. இப்போதெல்லாம் எதிலும் தெரிவதில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

முப்பதாம் நாள் பூசை. மகள் ரெனிட்டா கோயம்புத்தூரிலிருந்து நேற்றே வந்துவிட்டாள். பூசை முடிந்து வந்தவர்களுக்கு இட்லி, சாம்பார். எல்லாரும் என் கையைப் பிடித்தார்கள். பிடித்த கைகளுக்கெல்லாம் தலையாட்டினேன்.

எல்லாரும் போன பிறகு ரெனிட்டா அந்தக் கல்யாணப் படத்துக்கு முன்னால் நின்றாள்.

"அந்த ஆபீஸ்காரங்க பதில் போட்டாங்களாப்பா?"

"இல்ல."

"அம்மா ஃபோன்ல தெனம் இதையேதான் சொல்லிட்டிருந்தா. 'ரெனி, இன்னும் வரலட்டி'ன்னு. சாகப்போற பொம்பளைக்கு ஒரு வரி எழுத முடியாதா? கெடைக்கல, பாக்கோம், ஏதாவது ஒண்ணு."

"வேலை இருக்கும்ல."

"என்ன பெரிய வேலை? பழைய பேப்பரப் பாத்துட்டு உக்காந்திருக்கிறதுதான?"

சோபாவில் உட்கார்ந்து போனில் தட்டினாள். கூகுளில் அந்த இடத்துக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்து எழுதிவிட்டு எனக்கு வாசித்துக் காட்டினாள். அம்மா பெயர், கடிதத் தேதி, இறந்த தேதி எல்லாம் போட்டிருந்தாள். மனிதத்தன்மை இல்லாதவர்கள் என்று முடித்திருந்தாள்.

"சரியாருக்காப்பா?"

"எழுத்துப்பிழை ஒண்ணும் இல்ல," என்றேன்.

அந்த ஹெப்சிபாவின் குரல் என் காதிலேயே இருந்தது. இட்லித் தட்டுகளை எடுத்துக் கழுவப் போட்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

ரெனிட்டா ஆபீஸிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, அவங்க பதில் போட்டிருக்காங்க. அம்மா இறந்தது இப்பத்தான் தெரியும், வருத்தமா இருக்குன்னு. ஆனா லெட்டர் அக்டோபர் பத்தாந்தேதிதான் கைக்கு வந்துச்சாம். தூக்கிப் போட்டுட்டு இப்ப கதை விடுதாங்க. ஸ்பீட் போஸ்ட் ரசீது வச்சிருக்கீங்கள்ல?"

"இருக்கும்."

"எடுத்து வைங்க. கல்லறைத் திருநாளுக்கு வரும்போது ஃபோட்டோ எடுத்துப் போடுதேன். மொகத்துல அடிச்ச மாதிரி இருக்கும்."

"தேடிப் பாக்கேன்."

ரசீது சட்டைப் பையிலேயே இருக்கிறது. 9ஆம் தேதி போட்ட சட்டை. இன்னும் துவைக்கவில்லை.

அக்டோபர் 23, புதன்

சட்டையைத் துவைத்தேன். ரசீதை எடுத்து வைத்துவிட்டுத்தான்.

அக்டோபர் 28, திங்கள்

வந்துவிட்டது. பத்தொன்பது நாள்.

என் பெயருக்கு. நான்கு பக்கம் அச்சடித்த கடிதம், பெர்னதெத்தின் ட்ரேசிங் தாளின் நகல், ஒரு படிவம். துக்கம் விசாரித்து இரண்டு வரி. பிறகு விஷயம். உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார்கள். எனக்கு அந்த முறை பிடித்திருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

முதலில் ஸ்டுடியோ. அழுத்து முத்திரையின் கடைசி மூன்று எழுத்தையும் சுற்றியிருந்த கொடி வேலையையும் அவர்களிடம் உள்ள வேறு படங்களோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். கொர்னேலியஸ் என்பவர் 1936 முதல் 1944 வரை நடத்திய ஸ்டுடியோ. அதனால், 1942க்கு முன்னால் தேட வேண்டிய வருஷம் ஆறாகக் குறைந்தது. அப்புறம் திருமணப் பதிவேடு. 1940 மே 8. மாப்பிள்ளை, பெண், இரு பக்கத்துப் பெற்றோர், இரண்டு சாட்சிகள். சாட்சிகள் வழக்கமாக மாப்பிள்ளைக்குப் பக்கத்திலோ பின்னாலோ நிற்பார்கள் என்பதால் 2, 7 என்ற எண்ணுக்கு அவர்கள் பெயரை 'இருக்கலாம்' என்று போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'உறுதி', 'இருக்கலாம்', 'ஊகம்' என்று மூன்றில் ஒன்று. 11க்கும் 13க்கும் 'தெரியவில்லை'. தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிற ஆட்கள்.

மூன்றாவதாக, இதே படத்தின் இன்னொரு பிரதி. மாப்பிள்ளையின் தங்கை வீட்டார் எட்டு வருஷத்துக்கு முன் ஆவணக் கூடத்துக்குக் கொடுத்தது. அதன் பின்பக்கம் பென்சிலில் ஏழு பேர் பெயர் எழுதியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உடை, நகை, தரையில் விழுந்த நிழல் பார்த்து ஒரே கண்ணாடி நெகட்டிவ் தகட்டிலிருந்து வந்தவை என்று உறுதி செய்திருக்கிறார்கள்.

எட்டாம் எண்: சவேரியம்மாள். உறுதி.

பின்பக்கத்தில் 'செபஸ்தி மகள் சவேரி' என்று இருந்திருக்கிறது. மணப்பெண்ணின் மகள். கல்யாணத்தன்று ஆறு வயது மகள் எப்படி என்று அவர்களுக்கும் குழப்பம். மறுபடி பதிவேட்டைப் பார்த்திருக்கிறார்கள். பெண்ணின் பெயருக்கு எதிரே கன்னி என்று எழுதுகிற இடத்தில் 'காலஞ்சென்ற மிக்கேலின் விதவை' என்று இருக்கிறது. முதல் வாசிப்பில் பெயரை மட்டும் பார்த்துவிட்டு அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டதாக அவர்களே ஒப்புக்கொண்டு எழுதியிருந்தார்கள். 1934 ஞானஸ்நானப் பதிவேட்டில் சவேரியம்மாள், தந்தை மிக்கேல், தாய் மரிய செபஸ்தியாள். ஒருவருக்குப் பின்னாளில் கல்யாணம் நடந்தால் அதை ஞானஸ்நான ஏட்டின் ஓரத்தில் குறிப்பது கோவில் வழக்கம். சவேரியம்மாளின் ஓரத்தில், 1953இல் மணப்பாட்டில் திருமணம் என்று குறிப்பு. மணப்பாட்டுப் பதிவேடு தங்களிடம் இல்லை, அங்குள்ள பங்குச் சாமியாருக்கு எழுதலாம் என்று முகவரி கொடுத்திருந்தார்கள்.

அதாவது பெர்னதெத்துக்கு ஒரு பெரியம்மா இருந்திருக்கிறாள். இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரத்தில். அங்கே அவள் பிள்ளைகள் இருக்கலாம். கைம்பெண் மறுமணம் என்பதை மூடி வைக்க வேண்டி, பிள்ளையையே குடும்பக் கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் படத்தில் பெயர் இருக்கிறது. பெற்றவள் வீட்டுப் படத்தில் இல்லை.

படிவத்தின் பெயர் வரவுச் சீட்டு. பெர்னதெத்தின் கடிதத்தையும் ட்ரேசிங்கையும் அந்தப் படத்தின் கோப்போடு நிரந்தரமாக வைத்துக்கொள்ள அனுமதி கேட்கிறார்கள். ஐந்து கேள்வி. எழுதியவர் யார், எழுதிய நாள், எங்களுக்கு வந்த நாள், இடையில் யாரிடம் இருந்தது, கையொப்பம். கீழே ஹெப்சிபா கையால் எழுதியிருந்தாள்: "உங்கள் மகள் சொன்ன தேதியைப் பார்த்தோம். எங்கள் முத்திரை 10ஆம் தேதி, உறையில் தபால் தேதி 9. எங்கள் பக்கம் தவறு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம்."

அக்டோபர் 29, செவ்வாய்

ஆகஸ்ட் 5 உடன் பத்தொன்பதைக் கூட்டினால் ஆகஸ்ட் 24. அதற்குப் பிறகு அவளுக்கு இருபத்தேழு நாள் இருந்தது. ஆகஸ்ட் 24 அன்று தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்து, எனக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். மணப்பாட்டுக்கு டாக்சியில் போய் வந்திருக்கலாம்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எதிர்வீட்டு ராஜம் அதிரசம் கொண்டுவந்தார். "அண்ணாச்சி, ஒழுங்கா சாப்புடுதீங்களா?" என்று கேட்டார். சாப்பிடுகிறேன் என்றேன். ஐந்து தின்றேன். ஆறாவதைக் கையில் எடுத்த பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்.

வெடிச் சத்தம் காதை அடைத்தது. அதுவும் நல்லதுதான்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். ரெனிட்டா காலையில் வந்தாள். கல்லறையில் புல் எடுத்து, மெழுகுவத்தி ஏற்றி, சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும் வரை நின்றோம். இன்னும் சிமெண்டு பூசவில்லை, மண்மேடுதான். அவள் அழுதாள். நான் காற்றில் அணைந்த மெழுகுவத்திகளை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் கேட்டாள்.

"ரசீது கெடச்சுதாப்பா?"

ரசீதையும் ஆவணக் கூடத்துக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். அவள் முதலில் ரசீதைத்தான் பார்த்தாள்.

"இது அக்டோபர் ஒம்பதுல்ல."

"ஆமா."

"ஆகஸ்ட் ரசீது எங்க?"

"அது கெடையாது. லெட்டர் வண்டிப் பெட்டிக்குள்ளயே கெடந்துச்சு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "மறந்துட்டீங்களா?" என்றாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் மன்னித்துவிடுவாள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இந்த நோட்டிலும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

"மூணு நாள் மறந்தேன்," என்றேன்.

"அப்புறம்?"

"நாலாம் நாள் பாத்தேன். எடுத்துட்டுத் தபாலாபீஸ் வாசல் வரைக்கும் போயிட்டு, திரும்பக் கொண்டாந்து பெட்டிக்குள்ளயே வச்சேன். அதுக்குள்ள நான் அனுப்பிட்டதாச் சொல்லியாச்சு. அவளும் தெனம் சாயங்காலம் 'பதில் வந்துச்சா'ன்னு கேப்பா. இல்லன்னதும் 'சரி, நாளைக்கு வரும்'னுட்டு கஞ்சியக் குடிச்சிருவா. வேற எதுக்கும் வாயத் தெறக்க மாட்டா ரெனி. டாக்டர் அந்த வாரந்தான் ஒண்ணும் செய்யதுக்கில்லன்னு எங்கிட்டச் சொன்னாரு. பதில் வந்துட்டா அவளுக்கு எதிர்பாக்க ஒண்ணும் இருக்காதேன்னு பயந்துட்டேன். காத்திருக்கிற வரைக்கும் இருப்பான்னு நெனச்சேன்."

"அம்மாவுக்காகச் செஞ்சேன்னு சொல்லுதீங்களா?"

"அப்படித்தான் நெனச்சேன்."

"அது அம்மாவுக்காக இல்லப்பா. ஒங்களுக்காக."

"ஆமா," என்றேன்.

அவள் கடிதத்தைப் படித்தாள். எட்டாம் எண்ணுக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, எழுந்துபோய்ப் படத்தைப் பார்த்தாள். "பூட்டியோட மக," என்றாள். "கைய எடுக்கவே இல்ல பாருங்க, இத்தன பேருக்கு நடுவுல." அதற்குப் பிறகு ராத்திரிச் சாப்பாடு வரை என்னோடு பேசவில்லை. நான் சப்பாத்தி போட்டேன். இரண்டு தின்றாள்.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

காலையில் ரெனிட்டா கூகுளில் எழுதியதை நீக்கினாள். ஹெப்சிபாவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். தேதி விஷயத்தை அப்பா எழுதித் தருவார் என்று மட்டும் சொன்னாள். அறைக்குள் இருந்த எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்.

மணப்பாட்டுக்கு அவளே எழுதுகிறாளாம். முகவரியைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். "பாப்போம்," என்றாள். மத்தியானப் பஸ்ஸுக்குப் போகும்போது, மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொன்னாள். வழக்கமாகக் கையைப் பிடித்துவிட்டுத்தான் ஏறுவாள். பிடிக்கவில்லை.

நவம்பர் 4, திங்கள்

வரவுச் சீட்டை நிரப்பினேன். நகல் இங்கே எழுதி வைக்கிறேன்.

எழுதியவர்: பெர்னதெத்.

எழுதிய நாள்: ஆகஸ்ட் 5.

வந்த நாள்: அக்டோபர் 10.

இடையில் யாரிடம் இருந்தது: அவள் கணவன் இஞ்ஞாசியிடம். அவள் உயிரோடு இருந்த நாற்பத்தாறு நாளும், இறந்த பின் பத்தொன்பது நாளும். தபாலிலோ ஆவணக் கூடத்திலோ எந்தத் தாமதமும் இல்லை.

கையொப்பம் போட்டேன். யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம் என்று படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது. படிக்கட்டும்.

தபால் நிலையம் ஒன்றரைக் கிலோமீட்டர். வண்டியை எடுக்கவில்லை. உறையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே போனேன். வழியில் மழை பிடித்தது, சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். கவுண்டரில் இருந்த பெண் உறையை வாங்கப் பார்த்தாள். என் விரல் விடவில்லை.

"சார், குடுங்க," என்றாள்.

அங்கேதான் அழுகை வந்தது, பின்னால் ஆறு பேர் நின்றிருந்தார்கள்.